மாவு வியாபாரத்துக்குக் கோல்டு ரூம் போடுவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன் நான், திருச்சிப் பக்கம். முதலில் போட்ட கோல்டு ரூம் வீணாய்ப் போனது, இரண்டாவது நன்றாக ஓடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்தப் பதில்கள். கணக்கெல்லாம் ஒரு நாளைக்கு 500 கிலோ மாவு, 10 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரத்தில் ஓர் அறை என்று வைத்துப் போட்டவை. உங்கள் அளவு வேறு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், போடும் முறை அதேதான்.

அண்ணா, தினமும் 500 கிலோ மாவு. எத்தனை டன் மெஷின் போடணும்?

மெஷின்காரரிடம் இதைக் கேட்டால் அறையின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு உடனே ஒரு டன் என்றோ ஒன்றரை டன் என்றோ சொல்லிவிடுவார். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஏற்கெனவே குளிர்ந்து வரும் பால் பாக்கெட்டை வைத்துக்கொள்ளும் அறைக்கு நீள அகலம் போதும். நம் மாவு கிரைண்டரிலிருந்து சூடாக வருகிறது. அதிலிருக்கும் சூட்டை எடுப்பதுதான் பெரிய வேலை, அறையைக் குளிராக வைத்திருப்பது சின்ன வேலை.

கணக்கு இப்படிப் போகும். மாவில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அதனால் ஒரு கிலோவை ஒரு டிகிரி குறைக்கச் சுமார் 3.2 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 28 டிகிரியில் உள்ளே போகும் மாவு 4 டிகிரிக்கு வர வேண்டும் என்றால் 24 டிகிரி வித்தியாசம். 500 × 3.2 × 24 = 38,400 கிலோஜூல், அதை 3,600-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.7 யூனிட் வெப்பம். (இது வெளியே தள்ள வேண்டிய வெப்பம், கரண்ட் பில்லில் வரும் யூனிட் இல்லை. பில்லில் இதன் பாதி அளவுக்கு வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.)

மற்றவை: 80 மில்லிமீட்டர் தடிமனில் நுரை அடைத்த பஃப் பேனல் போட்ட சுவர், கூரை, தரை வழியாக வெளியே 33 டிகிரி இருக்கும்போது ஒரு நாளில் வரும் வெப்பம் சுமார் 8 யூனிட். கதவு திறப்பதால் வருவது இன்னொரு 8, ஒழுங்காகத் திறந்து மூடினால். விசிறி, லைட், உள்ளே போய் வரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து 4. மொத்தம் 31, கொஞ்சம் கூட்டி 35. கம்ப்ரசர் ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடினால் போதும் என்று வைத்து வகுத்தால் 2.2 கிலோவாட் வரும்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் செய்த தப்பைத்தான் நீங்களும் செய்வீர்கள். 500 கிலோ மாவும் பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உள்ளே போவதில்லை, மதியம் இரண்டு மணிக்கு மொத்தமாகப் போகிறது. இரவு எட்டு மணிக்குள் ஆற வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே பொங்க ஆரம்பித்துவிடும். ஆக 10.7 யூனிட்டை ஆறு மணி நேரத்தில் எடுக்க வேண்டும், அதற்கு மட்டுமே 1.8 கிலோவாட். அந்த நேரத்தில் சுவர், கதவு, விசிறி வேலையும் கூடவே நடக்கும், அது சுமார் 0.9. ஆக மொத்தம் 2.7, வாங்க வேண்டியது 3 கிலோவாட்.

3 கிலோவாட்னா ஒரு டன்னுக்கும் கம்மிதானே? பழைய ஒரு டன் ஏசி அவுட்டோர் இருக்கு, அதை மாட்டிடலாமா?

என் முதல் அறையில் மாட்டியது அதைத்தான்.

ஒரு டன் என்றால் 3.5 கிலோவாட், அது சரி. ஆனால் ஏசிக்கு அந்த எண்ணைப் போடும்போது உள்ளே இருக்கும் காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், 7 டிகிரி அளவில் இருப்பதாக வைத்துப் போடுகிறார்கள். கோல்டு ரூம் 4 டிகிரியில் நிற்க வேண்டும் என்றால் காயில் மைனஸ் 4, மைனஸ் 5 வரை இறங்கியாக வேண்டும். அவ்வளவு கீழே வரும்போது கேஸ் மெலிந்துவிடும், அதே கம்ப்ரசர் ஒரு சுற்றில் இழுக்கும் கேஸின் எடை குறைந்துவிடும், திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். மொட்டை மாடி வெயிலில் அவுட்டோர் நின்றால் இன்னும் கொஞ்சம் போகும். ஆகக் கையில் மிஞ்சுவது இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேலே.

எனவே விலை கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "காயில் மைனஸ் 5, வெளியே 43 டிகிரி, அப்போது எத்தனை கிலோவாட் கொடுக்கும்?" அதற்கு அட்டவணையைக் காட்டிப் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். டன் கணக்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பெரிய மெஷினுக்குக் காசு இல்லை. வேற வழி?

இருக்கிறது, அதுவும் பைசா செலவில்லாமல் பாதி வழி. அரைக்கும்போது ஊற்றும் தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீராக ஊற்றுங்கள், கடைசிச் சுற்றில் கொஞ்சம் ஐஸ் போடுங்கள் (குடிக்கிற தண்ணீரில் செய்த ஐஸ், மீன் ஐஸ் இல்லை). மாவு 28-க்குப் பதில் 22 டிகிரியில் இறங்கினால் எடுக்க வேண்டிய வெப்பத்தில் கால் பங்கு அங்கேயே கழிந்துவிடும். கிரைண்டரில் சூடேறாத மாவு பொங்கவும் அவசரப்படாது. அரைத்ததை அண்டாவில் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு பேக் செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அந்த ஒரு மணி நேரமும் நமக்கு எதிராகத்தான் ஓடுகிறது.

10×8 அறையில் எவ்வளவு மாவு வைக்கலாம்?

பேனல் தடிப்பைக் கழித்தால் உள்ளே சுமார் 15 கன மீட்டர், அதாவது 15,000 லிட்டர். அதைப் பார்த்துவிட்டுப் பத்தாயிரம் கிலோ வைக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மையில் வைக்கக்கூடியது சுமார் 720 கிலோ.

சிரிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். நடுவில் மூன்றடி நடைபாதை, அது இல்லாமல் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரேக். 60-க்கு 40 சென்டிமீட்டர் ட்ரே, 40 பக்கம் நம்மைப் பார்த்தபடி, ஒரு தட்டில் ஆறு. தரையிலிருந்து அரையடி விட்டு, 32 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து தட்டு. ஆறு, ஐந்து, இரண்டு பக்கம், மொத்தம் 60 ட்ரே. ஒரு ட்ரேயில் 12 ஒரு கிலோ பாக்கெட். இன்றைய 500 போக, நேற்றைய மிச்சத்துக்கு 200 சொச்சம் இடம் இருக்கிறது. நமக்கு அது போதும்.

தினமும் 500 கிலோ, நாளைக்கு 800 ஆகும் என்று நினைத்தால் அறையை இப்போதே 12 அடி நீளத்துக்குப் போட்டுவிடுங்கள். பேனலைப் பின்னால் நீட்டுவது தலைவலி. மெஷினைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு ட்ரேயில் 20 பாக்கெட் பிடிக்குது. ஏன் 12 மட்டும்?

பிடிக்கும், ஆறாது. ஒரு கிலோ பாக்கெட் நாலைந்து சென்டிமீட்டர் தடிமன். இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் நடுப்பகுதியும் குளிர்ந்துவிடும். இருபதையும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் அது இருபது பாக்கெட் இல்லை, ஒரே மாவுக் கட்டி. ஓரத்தில் இருப்பவை 4 டிகிரிக்கு வந்துவிடும், நடுவில் இருப்பவை நள்ளிரவிலும் 15-க்கு மேலே நின்று பொங்கிக்கொண்டிருக்கும். காலையில் கடைக்காரர் "அஞ்சு பாக்கெட் உப்பியிருக்கு" என்று போன் செய்வார், நீங்கள் உளுந்தைக் குறை சொல்வீர்கள்.

ஹோட்டல்களுக்கு 20 கிலோ வாளியில் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். வாளியின் நடுப்பகுதி ஆற ஒரு நாளுக்கு மேல் ஆகும், அறை எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. மெஷினைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கெட்டியான மாவின் வழியாக வெப்பம் மெதுவாகத்தான் வெளியே வரும். 5 கிலோ பையில் போட்டுத் தட்டையாகப் படுக்க வையுங்கள், ஆறிய பிறகு வாளிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் அரைத்தே ஆகவேண்டும்.

ரேக் எதில் செய்யலாம்? பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் சும்மா கிடக்கு.

சும்மாவே கிடக்கட்டும். ஈரத்தில் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும், அதன் தகடு காற்றை மேலும் கீழும் போக விடாது. கம்பித் தட்டு வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் முடிந்தால் நல்லது, இல்லையென்றால் எபாக்சி பூசிய கம்பி ரேக். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. ட்ரேயும் ஓட்டை ட்ரேயாக இருக்கட்டும்.

மேலே கூரையை ஒட்டி அடுக்க வேண்டாம். உள் யூனிட்டிலிருந்து வரும் காற்று கூரையோடு போய், எதிர்ச் சுவரில் இறங்கி, ரேக்குகள் வழியாகத் திரும்பி வர வேண்டும். மேல் தட்டில் ட்ரே மேல் ட்ரே ஏற்றினால் அந்தப் பாதை அடைந்துவிடும். பொங்கல், தீபாவளி நேரத்தில் எல்லாரும் இதைச் செய்வார்கள், அன்றைக்குத்தான் மாவும் கெடும்.

உள் யூனிட்டைக் கதவுக்கு நேர் மேலே மாட்ட விடாதீர்கள். வயரிங் சுலபம் என்று மாட்டிவிடுவார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மேலே ஏறும் ஈரக் காற்றை அது நேராக உறிஞ்சிக்கொள்ளும்.

கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வச்சா அப்படி என்ன ஆயிடும்?

இந்த அளவு அறைக்குக் கதவு முழுசாகத் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் குளிர்க்காற்று ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் கீழ்வழியாக வெளியே வழிந்துவிடும், மேல்வழியாகச் சூடான காற்று உள்ளே வந்துவிடும். வாசலில் நின்றால் கால் மட்டும் சில்லென்று இருக்குமே, அதுதான்.

ஒரு முறை காற்று மாறினால் மெஷினுக்கு மூன்றில் ஒரு யூனிட் வெப்பம் கூடுதல் வேலை. அது பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த வேலையில் பாதிக்கு மேல் காற்றில் வரும் ஈரத்தால் வருவது. நம் ஊர் 33 டிகிரிக் காற்று ஒரு முறை உள்ளே நிறைந்தால் கூடவே சுமார் 300 மில்லி தண்ணீர் வருகிறது, ஒரு பெரிய டம்ளர். 4 டிகிரியில் காற்றால் அவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காயிலில் போய் ஐஸாக ஒட்டும். ஒரு நாளில் 24 முறை காற்று மாறினால் ஏழு லிட்டர். மேலே நான் போட்ட "கதவுக்கு 8 யூனிட்" அந்த 24 முறைக்கான கணக்குத்தான்.

இதை அளக்க ஒரு சுலப வழி உண்டு. காயிலில் ஒட்டிய ஐஸை அவ்வப்போது கரைப்பதுதான் டீஃபிராஸ்ட்; அந்தத் தண்ணீர் வெளியே வரும் பைப்பின் கீழே ஒரு வாளி வையுங்கள், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து சுவரில் எழுதுங்கள். நான் வைத்த முதல் வாரம் 14 லிட்டர். பையன்களிடம் சத்தம் போடவில்லை, வாளியை மட்டும் காட்டினேன். மாவு ஏற்றும் முறையை மாற்றினோம், 8 லிட்டருக்கு வந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறும், அது இயல்பு.

என்ன மாத்தினீங்க?

முன்பு ஒரு ட்ரே நிறைந்ததும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். 42 ட்ரே, 42 தடவை கதவு. இப்போது வெளியே தள்ளுவண்டியில் பத்து ட்ரே சேர்ந்த பிறகு ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில், கைமாற்றி மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நான்கைந்து தடவையோடு சரி. பத்து ட்ரே சேரும்வரை முதல் ட்ரே வெளியே காத்திருக்குமே என்று கேட்கலாம். காத்திருப்பது பத்து நிமிடம்தான், அதற்கு மேல் என்றால் பேக்கிங்கில் இன்னோர் ஆள் தேவை.

காலையில் எடுப்பதும் அப்படித்தான். எந்தக் கடைக்கு எத்தனை என்ற பட்டியலை வெளியிலேயே படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் "உங்களுக்கு எத்தனை அண்ணே?" என்று கேட்பதை ஒழித்தாலே பாதி ஐஸ் குறையும்.

பிவிசி திரை கட்டாயம், பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்க வேண்டும். முகத்தில் படுகிறது என்று கயிற்றால் கட்டி ஓரம் தள்ளிவிடுவார்கள், கயிற்றைத் தேடி அறுத்துவிடுங்கள். கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது. கதவு திறந்ததும் விசிறி நிற்கும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள், சில நூறு ரூபாய் வேலை. உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் பிடி இல்லாத கதவை வாங்கவே கூடாது, ஆள் மாட்டிக்கொள்வார்.

டீஃபிராஸ்டுக்கு ஹீட்டர் வேணுமா?

4 டிகிரியில் ஓடும் அறைக்கு வேண்டாம். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் அறையின் 4 டிகிரிக் காற்றே ஐஸைக் கரைத்துவிடும். 2 டிகிரிக்குக் கீழே வைக்கப்போகிறீர்கள் என்றால்தான் ஹீட்டர் தேவைப்படும், மாவுக்கு அவ்வளவு கீழே போக அவசியமில்லை.

இதில் மெக்கானிக்குகள் செய்யும் ஒரு தப்பு இருக்கிறது. ஃபிரீசர் செட்டிங்கை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள், அதில் டீஃபிராஸ்ட் நேரத்தில் விசிறி நின்றுவிடும். ஹீட்டரும் இல்லை, விசிறியும் இல்லை, ஐஸ் எதனால் கரையும்? டிக்செல் வகைக் கன்ட்ரோலர் என்றால் `FnC` என்ற இடத்தில் `C-n` அல்லது `o-n` இருந்தால் டீஃபிராஸ்டில் விசிறி நிற்கும். `C-Y` அல்லது `o-Y` என்று மாற்ற வேண்டும். `idF` என்பது எத்தனை மணிக்கு ஒரு முறை, `MdF` என்பது அதிகபட்சம் எத்தனை நிமிடம். நான் வைத்திருப்பது 6 மணி, 25 நிமிடம். உங்கள் வாளி பத்து லிட்டருக்கு மேல் காட்டினால் 4 மணிக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள், ஆனால் கதவை முதலில் சரிசெய்யுங்கள்.

எந்த நேரத்தில் டீஃபிராஸ்ட் ஓடணும்?

மாவு ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. காயில் சுத்தமாக இருக்கும்போதுதான் முழுத் திறனும் கிடைக்கும், நமக்கு அது தேவைப்படுவது மதியம் இரண்டு மணிக்கு. சாதாரணக் கன்ட்ரோலரில் கடிகாரம் கிடையாது, மணிக்கணக்கை மட்டும் எண்ணும். கரண்ட் போய் வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். அதனால் ஒரு மணிக்கு டீஃபிராஸ்ட் பட்டனைக் கையால் அழுத்திவிடுவது எங்கள் வழக்கம். சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒருவர் அழுத்திவிட்டுப் போவார்.

டீஃபிராஸ்ட் நேரத்தில் 8 டிகிரி காட்டுது, மாவு கெட்டுடுமா?

கெடாது. அது காற்றின் வெப்பம். ஆறிய மாவு 25 நிமிடத்தில் அரை டிகிரிகூட ஏறாது. சந்தேகம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரின் முனையைப் போட்டு நடுத் தட்டில் வையுங்கள். மாவின் நிலையை அந்தப் பாட்டில்தான் சொல்லும், வெளியே இருக்கும் டிஸ்பிளே இல்லை.

காயில் முழுக்க ஐஸ். கேஸ் ஏத்தணும்னு மெக்கானிக் சொல்றார். நம்பலாமா?

ஐஸ் எப்படிப் படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். காயில் முழுவதும் ஒரே சீராகப் பாளம் கட்டியிருந்தால் அது அநேகமாகக் கதவும் டீஃபிராஸ்டும் சம்பந்தப்பட்டது. கேஸ் குறைந்திருந்தால் கேஸ் உள்ளே நுழையும் பக்கத்தில் சில குழாய்களில் மட்டும் ஐஸ் கட்டி, மீதிக் காயில் வெறுமையாக இருக்கும். கீழ்ப்பகுதியில் மட்டும் கண்ணாடி மாதிரி ஐஸ் என்றால் தண்ணீர் வெளியே போகும் பைப் அடைத்திருக்கிறது, அல்லது டீஃபிராஸ்ட் முடிவதற்குள் கம்ப்ரசர் திரும்ப ஓடிவிடுகிறது.

முழுக்கக் கட்டிவிட்டால் கம்ப்ரசரை நிறுத்தி, விசிறியை மட்டும் மூன்று நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். மாவைப் பக்கத்து ஃபிரிட்ஜுகளில் பிரித்து வைக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் எடுக்காதீர்கள். எங்கள் பையன் ஒருவன் குத்தி ஒரு குழாயில் ஓட்டை விழுந்து, அன்றைக்கு நிஜமாகவே கேஸ் ஏற்ற வேண்டி வந்தது.